கறுப்புச் சட்டையின் அக்குளில் படிகாரம்

வீட்டுக்காரரின் கறுப்புச் சட்டையை இஸ்திரி போட விரித்தேன். துவைத்துக் காய்ந்த சட்டைதான். அக்குள் பக்கம் சூடு பட்டதும் குப்பென்று பழைய வியர்வை நாற்றம் வந்தது. கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் கஞ்சி போட்டதுபோல விறைத்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் திட்டு. நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுந்தது, நகத்துக்கடியில் மாவு மாதிரி ஏதோ ஒட்டியது.

அன்றைக்கே என் பீரோவையும் துழாவினேன். வாரத்துக்கு இரண்டு நாள் ஆபீசுக்குக் கட்டும் புடவைக்கான மெரூன் காட்டன் ஜாக்கெட்டில் அதே கதை, இன்னும் மோசம். கைக்குழி விறைத்து உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் கரும்பச்சை சில்க் காட்டன் ஜாக்கெட்டில் விறைப்பு லேசாகத்தான் இருந்தது, ஆனால் வெள்ளை ஓரம் தெரிந்தது. ஆக மூன்று துணி. இவற்றோடு ஐந்து ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டினேன். முதல் இரண்டு ஞாயிறும் வீண். துணியை இன்னும் கெடுத்துக்கொண்டேன் என்றே சொல்லலாம்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் குழம்பியதே இங்குதான். டியோடரண்டால் துணியில் வரும் வெள்ளை இரண்டு வகை. காலையில் அவசரமாகத் தலை வழியாக மாட்டும்போது பக்கவாட்டிலும் கீழ் ஓரத்திலும் சாக்பீஸ் உரசியதுபோல ஒரு கோடு விழுமே, அது மேலோட்டமானது. துணிமேல் உட்கார்ந்திருக்கும் பொடி, அவ்வளவுதான். அதற்குத் தண்ணீரே வேண்டாம். தண்ணீர் தொட்டால் கரைந்து பரவி, காய்ந்ததும் பெரிய வட்டமாகத் தெரியும். பழைய நைலான் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு துணியின் நெசவு ஓடும் திசையில் நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும். சாக்ஸ் இல்லையென்றால் அதே சட்டையின் கீழ் மடிப்பை எடுத்து அதன்மேல் தேய்த்தாலும் போகும். ஆட்டோ வாசலில் நிற்கும்போதுகூட இதைச் செய்யலாம்.

இரண்டாவது வகை மாதக்கணக்கில் சேர்ந்தது. தேய்த்தால் உதிராது, துவைத்தாலும் போகாது. என்னுடைய மூன்று துணியிலும் இருந்தது அது. இனி எழுதப்போவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

முதல் ஞாயிறு அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். சட்டையைப் பார்த்ததும், "கம்புக்கூட்டுல அழுக்கு ஏறிப் போயிருக்குடி. சோப்பை நல்லாப் போட்டு பிரஷ்ஷால தேய், போகாம எங்க போகும்" என்றாள். துணி சோப்புக் கட்டியை வெள்ளையாகப் படியும்வரை போட்டு, துணி துவைக்கும் கெட்டி பிரஷ்ஷால் தேய்த்தேன். ஈரத்தில் பார்த்தபோது திட்டே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று கொடியில் போட்டேன். சாயங்காலம் காய்ந்ததும் திட்டு அப்படியே திரும்பி வந்திருந்தது. கூடவே புதிதாக ஒரு நரைத்த தோற்றம். அது அழுக்கில்லை என்பது செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோது புரிந்தது. பிரஷ் நூலைப் பிய்த்து மயிரிழைகளாக எழுப்பிவிட்டிருந்தது. கறுப்புத் துணியில் பிசிறு எழுந்தால் வெளுத்துத்தான் தெரியும். அது இன்றுவரை போகவில்லை, இனியும் போகாது.

இரண்டாம் ஞாயிறு, எல்லோரும் சொல்கிறார்களே என்று ஆப்பசோடாவைக் குழைத்துப் பூசி அரை மணி நேரம் ஊறவிட்டேன். நாற்றம் கொஞ்சம் குறைந்தது, நிஜம். திட்டு இன்னும் வெளுத்தது, விறைப்பும் கூடியமாதிரிதான் பட்டது. தையல் இடுக்கில் தங்கிய சோடாவை எடுக்க மூன்று வாளித் தண்ணீர் செலவானது. எங்கள் அடுக்ககத்தில் போர் தண்ணீர், உப்பு நிறைந்தது. அந்தத் தண்ணீரில் அலசுவதே ஒரு பாவம்.

இதற்கப்புறம்தான் ரோல்-ஆன் பாட்டிலைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தேன். தண்ணீருக்கு அடுத்ததாகவே இருந்த பெயர் அலுமினியம் குளோரோஹைட்ரேட். வீட்டுக்காரர் பூசும் ஸ்டிக்கில் அலுமினியத்தோடு சிர்கோனியமும் சேர்ந்த ஓர் உப்பு, கூடவே மெழுகு மாதிரியான ஒரு கொழுப்பு ஆல்கஹால், சிலிக்கோன். வியர்வையை அடக்கும் வகை எதை எடுத்தாலும் ஏதோ ஓர் அலுமினிய உப்பு இருக்கும். வாசனைக்கு மட்டும் அடிக்கும் சாதாரண பாடி ஸ்பிரேயில் பெரும்பாலும் இருக்காது.

அலுமினிய உப்பு என்றால் நமக்கு அந்நியமானதில்லை. படிகாரம் அதன் உறவுக்காரன்தான். கலங்கிய கிணற்றுத் தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றினால் தெளிகிறதே, அங்கே நடப்பதும் இந்தச் சட்டையில் நடப்பதும் ஒரே காரியம். படிகாரம் தண்ணீரில் கரைந்ததும் அலுமினியம் வழுவழுப்பான வெள்ளைக் கூழாகத் திரள்கிறது, சேற்றைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்குகிறது. தோலில் பூசும்போதும் இதே கூழ் வியர்வைத் துளையில் திரண்டு அதை அடைப்பதால்தான் வியர்வை நிற்கிறது. மிச்சம் துணியில் இறங்குகிறது.

இந்தக் கூழ் எப்போது திரளும், எப்போது கரையும் என்பதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். செலவில்லாத சோதனை, நீங்களும் செய்யலாம். புளியங்கொட்டை அளவு படிகாரத்தைப் பொடித்து அரை டம்ளர் தண்ணீரில் கரைத்தேன். தெளிவாக இருந்தது. இன்னொரு டம்ளரில் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடாவைக் கரைத்தேன். அதுவும் தெளிவு. இரண்டையும் ஒன்றாக ஊற்றினதும் நுரைத்துப் பொங்கி, டம்ளர் முழுக்க அரிசி களைந்த தண்ணீர்போல வெளுத்தது. பத்து நிமிஷத்தில் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கொழகொழவென்று படிந்தது. அந்தக் கூழில் ஒரு கரண்டி எடுத்து, டெய்லர் கடையில் வாங்கி வந்த கறுப்பு லைனிங் துண்டில் தடவிக் காயவைத்தேன். காய்ந்ததும் வீட்டுக்காரர் சட்டையின் அக்குளை வெட்டி எடுத்து வைத்த மாதிரியே இருந்தது. அதே சாம்பல் வெள்ளை, அதே விறைப்பு.

டம்ளரில் மீதியிருந்த கூழில் சிட்ரிக் ஆசிட் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். மறுபடி நுரைத்தது. நாலைந்து கரண்டிக்குப் பிறகு கலங்கல் குறைந்து, கடைசியில் தண்ணீர் தெளிந்துவிட்டது. லைனிங் துண்டை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைத் துணி சோப்பால் தோய்த்தேன். வெள்ளை அப்படியே. மறு பாதியைச் சிட்ரிக் ஆசிடில் இருபது நிமிஷம் போட்டேன். கறுப்பாக வெளியே வந்தது.

நான் இரண்டு ஞாயிறு செய்த தவறு இதுதான். துணி சோப்பு, சலவைத் தூள், ஆப்பசோடா எல்லாமே காரத்தன்மை உள்ளவை. காரம் பட்டால் அலுமினியம் கூழாகித் துணியில் உட்காரும். புளிப்பு பட்டால் கரைந்து தண்ணீரோடு போகும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளைக் குழம்பு மருந்துகள் பலவற்றில் இருப்பதும் இதே அலுமினியக் கூழ்தான். அது வயிற்று அமிலத்தில் கரைந்து அமிலத்தைத் தணிக்கிறது. ஆக ஒவ்வொரு வாரமும் துவைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் ஒரு பூச்சு கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உறைத்தது. கலம்காரித் துணியில் சாயம் பிடிக்கப் படிகாரம் போடுவார்கள். பருத்தி நூலில் படிகாரம் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும், சாயம் அதைப் பிடித்துக்கொள்ளும். நூலோடு ஒட்டுவதில் அலுமினியத்துக்கு அப்படி ஒரு திறமை. நம் சட்டையில் சாயத்துக்குப் பதிலாக வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் வந்து ஒட்டுகின்றன. துவைத்தும் நாற்றம் போகாததற்கு அதுதான் காரணம்.

மூன்றாம் ஞாயிறு சட்டையோடு உட்கார்ந்தேன். சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி, திட்டின்மேல் சிட்ரிக் கரைசலைச் சொட்டாக விட்டேன். சொட்டு இறங்கவே இல்லை. வாழையிலையில் விழுந்த தண்ணீர்போல உருண்டு நின்றது, ஒரு நிமிஷம் கழித்துப் பக்கத்தில் வழிந்தது. திட்டுக்கு ஒரு இஞ்ச் தள்ளி விட்ட சொட்டு உடனே உறிஞ்சப்பட்டது. ஸ்டிக்கில் இருந்த மெழுகும் சிலிக்கோனும் கூழின்மேல் கூரை போட்டிருந்தன. கூரையைப் பிரிக்காமல் ஆசிட் உள்ளே போகாது.

எண்ணெயை எடுக்க வேண்டும், ஆனால் காரம் கூடாது. பாத்திரம் கழுவும் லிக்விட் அதற்குப் பொருத்தம். அதில் காரம் மிகக் குறைவு, பிசுக்கெடுக்கவே செய்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கட்டி வேறு, அதை எடுத்துவிடாதீர்கள். காய்ந்த துணியின்மேலேயே அரை டீஸ்பூன் லிக்விடை விட்டு, விரல் நுனியால் உள்ளே அழுத்திப் பத்து நிமிஷம் விட்டேன். பிறகு குளிக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, பழைய மென்மையான டூத் பிரஷ்ஷால் நெசவுத் திசையிலேயே தடவினேன். தேய்க்கவில்லை, தடவல்தான். வட்டமாகச் சுற்றித் தேய்த்ததன் விளைவை முதல் ஞாயிறே பார்த்துவிட்டேனே. அலசிவிட்டு மறுபடி ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். இந்த முறை மூன்று நான்கு விநாடியில் இறங்கியது.

அதன்பிறகுதான் ஆசிட். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட், அதாவது சுமார் 10 கிராம். மளிகைக் கடையிலும் பேக்கரி சாமான் விற்கும் கடையிலும் சின்னப் பாக்கெட்டாகக் கிடைக்கும். இல்லையென்றால் வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்தும் செய்யலாம், சிட்ரிக் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்பது என் அனுபவம். அலுமினியத்தைக் கையோடு பிடித்துக்கொள்ளும் குணம் சிட்ரிக்குக்கு உண்டு. எலுமிச்சம்பழத்தைப் பிழியலாமே என்று கேட்பவர்களுக்கு: சக்கை நூலில் தங்கும், அதோடு வெயிலில் போட்டால் கறுப்பு நிறத்தை வெளுக்கவும் செய்யும். எதைப் போட்டாலும் அந்தப் பாத்திரத்தின் பக்கம் பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ கொண்டுவரக் கூடாது. ஆசிடும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சைப் பிடிக்கும். கறுப்புத் துணிக்கு பிளீச் எப்படியும் ஆகாது.

அக்குள் பகுதி மட்டும் முங்கும்படி ஒரு கிண்ணத்தில் நாற்பத்தைந்து நிமிஷம் வைத்தேன். இருபது நிமிஷத்தில் ஒரு தடவை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தேன். கொழகொழப்பு இருந்தது. பக்கத்துத் துணி ஈரமாக இருந்தாலும் அப்படி வழுக்குவதில்லை. கூழ் இளகுகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். முடிவில் கிண்ணத்துத் தண்ணீர் லேசாகக் கலங்கிச் சாம்பல் நிறமாக இருந்தது. டூத் பிரஷ்ஷால் தடவி, மூன்று தண்ணீர் அலசினேன். அலசலில் கஞ்சத்தனம் கூடாது. ஆசிட் நூலில் தங்கிக் காய்ந்து, அதன்மேல் இஸ்திரிச் சூடும் பட்டால் பருத்தி நூல் இற்றுப்போகும்.

அலசி முடித்தபிறகுதான் கடைசியாகச் சலவை லிக்விட் போட்டு வழக்கமாகத் துவைத்தேன். தூள் போடவில்லை. தூள் காரம் அதிகம், கறுப்புத் துணியில் கரையாத தூளே தனியாக வெள்ளைக் கோடு போடும்.

நிழலில் காயவைத்தேன். காய்ந்ததும் முக்கால்வாசி போயிருந்தது. விறைப்பு தையல் ஓரத்தில் மட்டும் மிச்சம். அடுத்த நாள் மாலை லிக்விட், ஆசிட் என்று அதே வரிசையை இன்னொரு தடவை செய்தேன். அதன்பிறகு கையை வைத்தால் சட்டையின் மற்ற இடத்துக்கும் அக்குளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்து முகர்ந்து பார்த்தேன், துணி வாசனை மட்டும்தான் வந்தது. இஸ்திரியைப் பற்றி ஒன்று: திட்டு முழுக்கப் போகும்வரை அந்த இடத்தில் சூடு வைக்காதீர்கள். மெழுகு உருகி நூலுக்குள் இறங்கிவிடும்.

இடது அக்குளில் மட்டும் ஒரு செம்பழுப்பு நிழல் மிச்சமிருக்கிறது. அது படிவு இல்லை, சாயம் போன இடம். இதைத் துவைக்கிறதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டு. திட்டைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் பெரும்பாலும் படிவு. நனைந்தபிறகும் செம்மையாகவோ வெளிறியோ தனியாகத் தெரிந்தால் சாயம் போய்விட்டது, எந்த ஆசிடும் கொண்டுவராது. பிசிறு எழுந்த இடமும் ஈரத்தில் மறையும், அதனால் கையால் தடவியும் பார்க்கவேண்டும். படிவு விறைக்கும், பிசிறு பஞ்சுபோல இருக்கும். இன்னொரு சின்ன விஷயம், அலை அலையாக மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் இருந்தால் அது வியர்வை உப்பு. வெறும் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினாலே திரும்பி வராது.

நான்காம் ஞாயிறு மெரூன் ஜாக்கெட். சட்டையில் கிடைத்த தைரியத்தில் இறங்கினேன், அது என்னைக் கீழே இறக்கியது.

முதல் சங்கடம் சாயம். வெள்ளைத் துணியை ஆசிடில் நனைத்து, உள்பக்கத் தையல் ஓரத்தில் ஐந்து நிமிஷம் அழுத்தி வைத்தேன். ரோஸ் நிறம் ஒட்டியது. வெறும் தண்ணீரில் நனைத்து வேறு இடத்தில் வைத்தேன், அதே அளவுதான் ஒட்டியது. அப்படியென்றால் ஆசிடின் குற்றமில்லை, அந்தத் துணியே சாயம் விடும் ரகம். ஊறவைக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிஷமாகக் குறைத்து, தண்ணீரை அறைச் சூட்டிலேயே வைத்துக்கொண்டேன். ஆசிடில் மட்டும் கூடுதலாகச் சாயம் ஏறியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

இரண்டாவது சங்கடம் கொக்கிகள். ஜாக்கெட்டை மொத்தமாக ஆசிடில் போட்டால் இரும்புக் கொக்கி துருப்பிடிக்கும், முன்பட்டியில் துருக்கறை வரும். அது அக்குள் திட்டைவிடப் பெரிய தலைவலி. அதனால் ஒரு அகலமான டப்பாவின் வாய்மேல் கைக்குழியை விரித்து, சுற்றிலும் துணிக் கிளிப் போட்டு, நடுப்பகுதி மட்டும் கரைசலில் தொங்கும்படி வைத்தேன். கையும் முன்பக்கமும் வெளியே காய்ந்தபடி கிடந்தன. இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்தது.

வெளித்துணி தெளிந்தது. ஆனால் காய்ந்ததும் கைக்குழி இன்னமும் சுருண்டே இருந்தது. மறுபடி செய்தேன், அதே சுருட்டல். பொறுமை போய் டெய்லர் அக்காவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர் கைக்குழியை இரண்டு விரலால் மடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வெளியில என்னம்மா இருக்கு, லைனிங்தான் எல்லாத்தையும் குடிச்சு வச்சிருக்கு. உள்ள துணி விட்டிருக்கேன் பாருங்க, அதுல இருக்கு பூராவும்."

"பிரிக்க முடியுமாக்கா?"

"பிரிக்காம எப்படிம்மா? ரெண்டு பக்கமும் ஒரு சாண் பிரிச்சுத் தர்றேன். துவைச்சுட்டு எடுத்துட்டு வாங்க, போட்டுத் தர்றேன்."

பின்னால் உடம்பு போட்டால் பிரித்து விடுவதற்காக ஜாக்கெட்டின் பக்கவாட்டில் ஒன்று, ஒன்றரை இஞ்ச் துணியை உள்ளே விட்டுத் தைப்பார்கள். லைனிங்கிலும் அதே அளவு. பக்கத் தையலும் கைத் தையலும் சந்திக்கும் அக்குள் முனையில் எண்ணினேன்: வெளித்துணியும் லைனிங்குமாக எட்டு மடிப்பு, ஒன்றின்மேல் ஒன்றாக. தோலைத் தொடுவது லைனிங் என்பதால் முதல் பூச்சு அங்கேதான் விழுகிறது. மடிப்பின் நடுவில் தண்ணீர்கூட ஒழுங்காகப் போய் வராது. அவர் தையலைப் பிரித்ததும் உள்ளே மடிந்திருந்த லைனிங்கில் அப்பளம் மாதிரி ஒரு தகடு. விரலால் மடக்கினால் நொறுங்கிப் பொடி உதிர்ந்தது. இதை வெளியிலிருந்து எத்தனை தடவை ஊறவைத்தாலும் என்ன ஆகப்போகிறது?

பிரித்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, லைனிங் மடிப்பைத் தனியே விரித்து, அதே வரிசை. உதிர்கிற பொடியை முதலில் காய்ந்தபடியே தட்டி எடுத்தேன். லிக்விட் பத்து நிமிஷம், அலசல், பிறகு ஆசிட். லைனிங் சாயம் விடாத ரகம் என்பதால் அதை மட்டும் நாற்பது நிமிஷம் வைத்தேன். மூன்று சுற்று தேவைப்பட்டது. இரண்டு மாலைகளாகப் பிரித்துச் செய்தேன். மூன்றாவது சுற்று முடிந்து டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்தபோது ஒரு இடத்தில் நெசவு சல்லடையாக இருந்தது, ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு. அங்கே லைனிங் ஏற்கனவே இற்றுப்போயிருந்தது, இத்தனை நாள் அந்தத் தகடுதான் அதைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. டெய்லர் அக்கா அந்த இடத்தில் பிறை வடிவில் வேறு லைனிங் துண்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். தையலோடு 80 ரூபாய். இப்போது கைக்குழி தட்டையாக விழுகிறது. கை தூக்கினால் முன்பு சர்ரென்று ஒரு உரசல் இருக்கும், அது இல்லை.

வீட்டில் தையல் பிரிக்கத் தெரிந்தவர்கள் நேரே இங்கிருந்தே தொடங்கலாம். லைனிங் வைத்த ஜாக்கெட் என்றால் வெளியிலிருந்து ஊறவைத்து நேரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கரும்பச்சை சில்க் காட்டனுக்கு நான் ஆசிட் போடவில்லை. கையில் ஜரிகை பார்டர் இருக்கிறது, அது அக்குளிலிருந்து நாலு விரல் தூரம்தான். ஜரிகையில் செம்பு கலந்திருந்தால் ஆசிடில் நிறம் மாறலாம். துணி ஈரத்தை இழுத்துக்கொண்டே போகும், நாலு விரல் ஒரு தூரமே இல்லை. பட்டு கலந்த துணியில் ஈரமான இடத்துக்கும் ஈரமாகாத இடத்துக்கும் நடுவே வட்டக் கறையும் வந்துவிடும். வெள்ளை ஓரத்தைக் காய்ந்தபடியே நைலான் சாக்ஸால் எடுத்தேன், பாதி போனது. மீதியை டிரை கிளீனிங் கடையில் கொடுத்தேன். கொடுக்கும்போது "கறை" என்று மட்டும் சொல்லாமல் "அக்குளில் டியோடரண்ட் படிவு, ஜரிகையில் படாமல் பாருங்கள்" என்று சீட்டு எழுதிக் குத்திக் கொடுத்தேன். வெள்ளை போய் வந்தது. லேசான விறைப்பு போகவில்லை. டிரை கிளீனிங்கில் போடுகிற கரைப்பான் மெழுகையும் எண்ணெயையும்தான் எடுக்கும், அலுமினிய உப்பு அதில் கரையாது. வருஷத்துக்கு நாலு கல்யாணம், அதோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் ஞாயிறு பெரிதாக ஒன்றுமில்லை. பீரோவிலிருந்த மற்ற கறுப்பு, நீலச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அக்குளில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சொட்டு உருண்டு நின்றவை நாலு. விறைப்பு கைக்குத் தெரிவதற்கு வெகு முன்பே சொட்டு காட்டிக்கொடுக்கிறது. அந்த நாலும் ஒரே சுற்றில் சரியாகிவிட்டன, அரை மணி நேர வேலை.

இப்போது வழக்கத்தில் மூன்று மாற்றம். ஸ்டிக்கை வீட்டுக்காரர் காலையில் பூசுவதில்லை, ராத்திரி குளித்துத் துடைத்த தோலில் பூசுகிறார். அலுமினியம் துளைக்குள் இறங்கிக் கூழாவதற்கு வியர்க்காத ராத்திரிதான் நல்ல நேரம், காலைக் குளியலில் மேலே இருக்கும் மிச்சம் போய்விடும், வேலையும் செய்கிறது. முதல் நாள் "ராத்திரி யாருக்காக மணக்கணும்" என்று கிண்டல் செய்தார். நான் ரோல்-ஆனைக் காலையிலேயே பூசுகிறேன், ஆனால் ஜாக்கெட்டைப் போடுவதற்கு முன் பத்து நிமிஷம் விசிறிக்குக் கீழே தலைவாருகிறேன். இரண்டு உருட்டுக்கு மேல் போடுவதில்லை. காயாத ரோல்-ஆன் முழுக்க லைனிங்குக்குத்தான் போகும். அதிக வியர்வைக்காக டாக்டர் எழுதித் தரும் அலுமினியம் குளோரைடு கரைசல் பூசுபவர்கள் இன்னும் கவனமாகக் காயவிட வேண்டும், அது தன்னளவிலேயே ஆசிட், துணியை அரிக்கும்.

மூன்றாவது, கறுப்புத் துணிகளை மாதம் ஒரு தடவை சலவைக்கு முன்பு, அக்குள் மட்டும், சிட்ரிக் கரைசலில் பதினைந்து நிமிஷம் வைத்து அலசிவிட்டுத்தான் சோப்பு காட்டுகிறேன். முதலில் புளிப்பு, கடைசியில் சோப்பு. மறந்து முதலில் சோப்பு போட்டுவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறேன், சோப்புத் தண்ணீரோடு ஆசிடைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வீணாகும்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "சட்டைக்கு ரசம் ஊத்தித் துவைக்கிறியா" என்றாள். அவள் புடவை ஜாக்கெட்டுகளில் இந்தத் திட்டே கிடையாது. வாழ்நாளில் அவள் ரோல்-ஆன் தொட்டதில்லை.